மங்கிய அஞ்சலட்டையும் ஓய்வுபெற்ற சர்வேயரும்: சிறுகதை வரைவு, அளவைக் கணக்கு சரிதானா?

குடமுருட்டிக் கரை எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கீழே இருப்பது ஒரு சிறுகதையின் வரைவு. நடை எப்படி இருக்கிறது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். கதையில் வரும் சர்வேயர் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி, அந்தத் தொழில் தெரிந்தவர்களின் கண்ணுக்கு நிற்குமா என்பதே என் கேள்வி. மனிதர்கள் கற்பனை, மலைகள் உண்மையானவை.

*ஓரக்கல்*

பாபநாசத்தில் அந்த ஓட்டு வீட்டின் திண்ணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வரப்புத் தகராறோடுதான் வருவார்கள். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் அவரைச் சர்வேயர் என்றே ஊர் அழைத்தது. ஆகவே டீச்சர் ஓர் அஞ்சலட்டையை நீட்டியபோது, பின்புறம் ஏதாவது புல எண் எழுதியிருக்கும் என்று எண்ணித்தான் அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "நலம். கடிதம் பின்னர்" என்று மட்டும் எழுதியிருந்தது. அஞ்சல் தலையை யாரோ ஒரு சிறுவன் எப்போதோ உரித்திருந்தான். ஊர் முத்திரையும் அதோடு போயிருந்தது.

முன்புறம் ஒரு புகைப்படம். ஓரங்கள் பழுப்பேறி, நடுப்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது. நேராகச் செல்லும் ஒரு சாலை, அதன் இருபுறமும் ஓரக்கற்கள், ஒரு பக்கத்தில் மூன்று கம்பங்கள், முதல் கம்பத்தின் அருகில் சட்டையணிந்த ஒரு மனிதர், பின்னால் வலப்புறம் ஒரு பெரிய மலையும் இடப்புறம் ஒரு சிறிய மலையும்.

"அதில் நிற்பது என் அப்பா, சார். நான் பிறப்பதற்கு முன்பே கண்டிக்குப் போய்விட்டார் என்று அம்மா சொல்லுவார். இது கண்டிதானா?"

"டெல்டா இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லலாம். வல்லத்து மேட்டைத் தவிர நம் பக்கத்தில் ஏறி இறங்க என்ன இருக்கிறது?"

"சுவாமிமலை?"

"அது கட்டிய மலை, டீச்சர்."

அன்றிரவு அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தார். பணிக்காலம் முழுவதும் சங்கிலியையும் அளவுக் கற்களையும் நம்பி வாழ்ந்தவருக்கு முதலில் கண்ணில் பட்டது மலையன்று, ஓரக்கல்தான். ஊர் தானாக வளர்ந்து, பிறகு சாலை வந்திருந்தால், ஓரக்கற்கள் ஒரே நீளத்தில் இருக்க மாட்டா. வாசற்படிக்கும் வண்டிப் பாதைக்கும் ஏற்ப உடைந்தும் வளைந்தும் செல்லும். இங்கே ஒரே அளவாகக் கொத்திய கற்கள் இடைவெளியின்றி ஓடின, ஆனால் சாலையில் ஒரு கடைகூட இல்லை. மக்கள் வருவதற்கு முன்பே அரசாங்கமோ கம்பெனியோ கோடு போட்டு அமைத்த குடியிருப்பு இது என்று அவர் முடிவு செய்தார்.

இரண்டு ஓரக்கல் வரிசைகளையும் பென்சிலால் நீட்டி, அவை சந்தித்த புள்ளி வழியாகத் தொடுவானக் கோட்டை வரைந்தார். கம்பங்களின் அடிப்பகுதிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே 12, 4.9, 3.1 மில்லிமீட்டரில் இருந்தன. காமிராவை ஆள் உயரத்தில் பிடித்திருந்தால், கம்பத்துக்குக் கம்பம் ஏறத்தாழ 30 மீட்டர் என்று கணக்கு வந்தது. தந்திக் கம்பம் இவ்வளவு நெருக்கமாக நடப்படுவதில்லை. அப்படியானால் இவை விளக்குக் கம்பங்கள். மலையடிவாரத்தில், கடையில்லாத சாலைக்கு விளக்குப் போட்ட குடியிருப்பு. டெல்டாவிலிருந்து ஆட்கள் வேலைக்குப் போகக்கூடிய, மலையருகே இருந்த திட்டக் குடியிருப்புகளை ஒரு தாளில் எழுதினார். பட்டியல் நீளவில்லை. மேட்டூரின் பெயர் மேலே இருந்தது.

பொதுப்பணித் துறையில் இருந்த பழைய நண்பர் மூலம் 58 E/13 நிலவரைபடம் கிடைத்தது. சம உயரக் கோடுகளைப் பார்த்து, அணைக்குக் கீழே கிழக்குக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் மலைகள் எப்படித் தெரியும் என்று கட்டத் தாளில் வரைந்தார். இடப்புறம் பாலமலை, வலப்புறம் சீதாமலை. உருவம் பொருந்தியது, ஆனால் பக்கம் மாறியிருந்தது. அணைக்கு வடக்கே நின்று தெற்கே பார்த்தால் பக்கம் சரியாகும். அப்படியானால் அந்த மனிதர் நிற்கும் இடம் இன்று ஸ்டான்லி நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்க வேண்டும். மூழ்கப்போகும் நிலத்தில் யார் ஓரக்கல் பதித்து விளக்குக் கம்பம் நடுவார்கள்?

அட்டையை எடுத்துக்கொண்டு போய் அலமாரிக் கண்ணாடியின் முன் பிடித்தார். கண்ணாடியில் பாலமலை இடப்புறம் வந்தது. மனிதரின் சட்டைப்பை இடது மார்புக்கு வந்தது. படத்தைத் தலைகீழான பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படியானால் அப்பா கண்டிக்குப் போகவே இல்லையா?" என்றார்.

"இந்தப் படம் எடுத்தபோது மேட்டூரில் நின்றார். அதற்கு மேல் அட்டையில் அளவு இல்லை, டீச்சர்."

நன்னிலம் நாற்று எழுதியது:

ஐயா, நல்ல பதிவு. இதில் வரும் சர்வேயர் போன்ற அனுபவசாலி யாராவது இருந்தால் தெரிவிக்கவும். எங்கள் பங்காளி வரப்பை வெட்டிக்கொண்டே வருகிறார். புலப்படத்தில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் ஒத்துவரவில்லை. மூன்று அளவுக் கற்களில் ஒன்று காணவில்லை. புகைப்படத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றால், எங்கள் பழைய கல்யாணப் படத்தில் அந்தக் கல் ஓரமாகத் தெரிகிறது. உதவ முடியுமா?

தியோடலைட் எழுதியது:

நன்னிலத்து நண்பருக்கு: வரப்பு விவகாரத்துக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பதில் எழுதுகிறேன். புகைப்படத்தை ஆதாரமாகக் காட்டிக் கல்லை நட முடியாது. மற்ற இரண்டு கற்களிலிருந்து புலப்பட அளவுப்படி எடுத்துத்தான் நட வேண்டும்.

கதைக்கு வருகிறேன். ஓரக்கல்லிலிருந்து தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதே ஓரக்கல்லில்தான் உங்கள் சர்வேயர் வழுக்கி விழவும் கூடும்.

முதலில் கம்பக் கணக்கு. அஞ்சலட்டை அளவுப் படச்சுருளில் எடுத்து, பெரிதாக்காமல் நேரடியாக அச்சிட்ட அட்டை என்றால் வில்லையின் குவியத் தூரம் 165 மில்லிமீட்டரை ஒட்டி இருந்திருக்கலாம். காமிராவின் உயரம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 247.5. இதை 12, 4.9, 3.1 ஆகியவற்றால் வகுத்தால் கம்பங்களின் தூரம் ஏறத்தாழ 20.6, 50.5, 79.8 மீட்டர் என்று வருகிறது. இடைவெளி இரண்டும் முப்பதுக்கு அருகில். இந்தச் சமச்சீர் முக்கியமானது. உயரத்தையோ குவியத் தூரத்தையோ தவறாகக் கொண்டிருந்தால் முப்பது என்பது இருபத்தைந்தாகவோ முப்பத்தைந்தாகவோ மாறும், ஆனால் இரண்டு இடைவெளிகளும் ஒன்றுக்கொன்று சமமாகவே இருக்கும். கோட்டைத் தவறான இடத்தில் வரைந்திருந்தால் மட்டுமே அந்தச் சமம் குலையும். ஆகவே ஓரக்கற்களை நீட்டி அவர் கண்ட புள்ளி சரியானதே.

ஆனால் அந்தப் புள்ளி தொடுவானமா? அங்கேதான் கதை தடுக்குகிறது. ஓரக்கற்கள் சந்திக்கும் புள்ளி, சாலை எந்தச் சரிவில் போகிறதோ அந்தச் சரிவின் முடிவைத்தான் காட்டும். சாலை சமமாக இருந்தால் அதுவே தொடுவானம். நூறு அடிக்கு மூன்று அடி ஏறும் சாலையாக இருந்தால் புள்ளி உண்மையான தொடுவானத்துக்கு 5 மில்லிமீட்டர் மேலே போய்விடும். கம்ப இடைவெளிகள் அப்போதும் சமமாகவே வரும், ஆகவே அந்தச் சோதனை இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது. மலையடிவாரக் குடியிருப்பில் மூன்று அடி ஏற்றம் என்பது சாதாரணம். 5 மில்லிமீட்டர் என்பது அட்டையில் ஒரு குன்றையே விழுங்கிவிடும் அளவு. மலை உயரத்தைக் கோட்டிலிருந்து அளந்து கட்டத் தாளோடு ஒப்பிட்டிருந்தால் ஒப்பீடு முழுவதும் கெடும்.

இதைச் சீர்செய்வது எளிது. சாலையோரம் ஒரு வரிசைக் குடியிருப்பு வீடுகளை வையுங்கள். சாலை ஏறினாலும் வீட்டின் இறவாரத்தை யாரும் சாய்வாகக் கட்டுவதில்லை. சாலைக்கு இணையாக ஓடும் இறவாரங்களை நீட்டினால் அவை உண்மையான தொடுவானத்தில் சந்திக்கும். ஓரக்கல் புள்ளிக்கும் இறவாரப் புள்ளிக்கும் உள்ள வேறுபாடே சாலையின் சரிவு. அந்தச் சரிவைப் பிறகு நிலவரைபடத்தோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

கம்பியாள் எழுதியது:

மின்வாரியத்தில் கம்பம் ஏறியே காலம் கழித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கம்ப இடைவெளியை வைத்து விளக்குக் கம்பம் என்று சொன்னது சரியே. ஊருக்குள் முப்பது, நாற்பது மீட்டருக்கு ஒரு கம்பம் நடுவது வழக்கம், திறந்த வெளியில் போகும் தந்திக் கம்பங்கள் அதைவிட விலகி நிற்கும்.

ஆனால் ஆசிரியர் கையில் கிடைத்த ஒரு நல்ல தடயத்தை விட்டுவிட்டார். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. நீர்மின் நிலையம் 1937இல் வந்தது. விளக்குக் கம்பம் இருக்கிறது என்றால் படம் 1937க்குப் பிறகுதான் எடுத்திருக்க வேண்டும். இதைச் சேர்த்தால் அப்பா ஊரைவிட்டுப் போன ஆண்டும் கிடைத்துவிடும்.

வலங்கைமான் வாசகி எழுதியது:

எனக்கு அளவைக் கணக்கு எதுவும் தெரியாது. எங்கள் வீட்டிலும் இதுபோல ஓர் அட்டை உண்டு. என் தாத்தாவின் தம்பி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். அந்தப் படத்திலும் சாலை, கம்பம், மலை எல்லாம் இருக்கின்றன. அது பினாங்குதான் என்று நாங்கள் யாரும் இதுவரை ஐயப்பட்டதில்லை. இந்தக் கதையைப் படித்த பிறகு ஐயம் வந்துவிட்டது. படத்தில் நிழல் வடக்கே விழுகிறதா தெற்கே விழுகிறதா என்று பார்த்தால் தெரியுமா?

கதையைப் பற்றி ஒன்று. அந்த அம்மா கண்டி என்று ஏன் சொன்னார் என்பதைக் கதை தொடவே இல்லை. கணவன் கடல் கடந்து போய்விட்டான் என்று சொல்வது, இதோ மேட்டூரில் இருந்தும் வரவில்லை என்று சொல்வதைவிட எளிதாக இருந்திருக்கும். சர்வேயருக்கு அது தெரிந்தும் வாய் திறக்கவில்லை என்று நான் படித்தேன். அப்படித்தானா?

தியோடலைட் எழுதியது:

வாசகி அம்மாவுக்கு: நிழலை மட்டும் நம்ப வேண்டாம். நடுப்பகல் நிழல் எப்போதும் வடக்கே விழும் என்பது நம் பக்கத்திலேயே ஆண்டு முழுவதும் உண்மையன்று. தஞ்சையில் சித்திரை தொடங்கிச் சில நாட்களிலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். பினாங்கு இன்னும் தெற்கே இருப்பதால் அங்கே அது பங்குனிக் கடைசியிலிருந்து ஆவணிக் கடைசி வரை நீளும். மாதம் தெரியாத படத்தில் நிழல் எதையும் முடிவு செய்யாது. மலையைப் பாருங்கள். ஜார்ஜ் டவுன் தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது, பினாங்கு மலை அதற்கு மேற்கே. சாலை மலையை நோக்கிப் போனால் காமிரா ஏறத்தாழ மேற்கே பார்க்கிறது. மாறாக, தண்ணீருக்கு அப்பால் மலை தெரிந்தால் படம் எதிர்க்கரையிலிருந்தோ, தீவிலிருந்து எதிர்க்கரையைப் பார்த்தோ எடுத்ததாக இருக்கலாம்.

கம்பியாளர் நண்பருக்கு: தடயம் பாதிதான் சரி. 1937 என்பது அணையின் தண்ணீரில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிய ஆண்டு. 1925இல் தொடங்கி ஒன்பது ஆண்டு நடந்த வேலைக்கு அவ்வளவு காலமும் விளக்கும் எந்திரமும் இல்லாமல் இருந்திருக்குமா? வேலைத்தளத்துக்கு மின்சாரம் வேறு வழியில் வந்திருக்கலாம். ஆகவே கம்பத்தை வைத்து 1937க்கு முன்பு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

கம்பியாள் எழுதியது:

வேலைத்தளத்துக்கு மின்சாரம் வந்ததை நான் மறுக்கவில்லை. எந்திரத்துக்கு இழுத்த கம்பி வேறு, குடியிருப்புச் சாலைக்கு வரிசையாக நட்ட விளக்குக் கம்பம் வேறு. குடியிருப்பில் இருந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும்; அதிகாரிகள் சாலையாக இருந்தால் முன்பே விளக்கு வந்திருக்கும், கூலி வரிசையாக இருந்தால் வந்திருக்காது. கம்பத்தின் தலையில் குறுக்குச் சட்டம் எத்தனை, பீங்கான் எத்தனை, விளக்குக் கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று ஆசிரியர் எழுதினால் மேற்கொண்டு சொல்வேன். அது எதுவும் இல்லாமல் இருவருமே ஊகத்தில்தான் பேசுகிறோம்.

ஒளிப்படப் பெட்டி எழுதியது:

இருட்டறையில் வேலை செய்தவன் என்ற முறையில், பக்கம் மாறிய அச்சைப் பற்றிச் சொல்கிறேன். இது நடக்கக்கூடியது, நானே பார்த்திருக்கிறேன். நெகட்டிவின் மருந்துப் பூச்சுள்ள பக்கம் தாளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டால் படம் கண்ணாடிப் பிம்பமாக வரும். அப்போது பூச்சுக்கும் தாளுக்கும் இடையே கண்ணாடியின் அல்லது படச்சுருளின் தடிமன் வந்துவிடுவதால், படம் முழுவதும் சற்றே கூர்மை குறையும். தூரத்து மலை மட்டுமின்றி அருகிலிருக்கும் ஓரக்கல்லும் சேர்ந்து மசமசப்பாக இருந்தால் அது ஒரு சான்று. மங்கலான அட்டையில் இதை உணர்வது கடினம், ஆனால் சர்வேயரின் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு ஒரு வரி கொடுக்கலாம்.

சட்டைப்பைதான் எனக்கு நெருடுகிறது. தியோடலைட் ஐயாவின் கணக்குப்படி முதல் கம்பம் இருபது மீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் அருகில் நிற்கும் சராசரி உயரமுள்ள மனிதர் அட்டையில் 13 மில்லிமீட்டர் உயரம்தான் இருப்பார். அவருடைய சட்டைப்பை ஒரு மில்லிமீட்டர். பழுப்பேறிய அட்டையில் ஒரு மில்லிமீட்டர்க் கறையைச் சட்டைப்பை என்று படிப்பது ஆசைப்பட்டதைப் பார்ப்பதாகும். மடித்த துண்டாகவும் இருக்கலாம், கையின் நிழலாகவும் இருக்கலாம். கதையின் முடிவு முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டரில் தொங்குகிறது.

இதற்கு மாற்றாக, படத்தில் எழுத்து ஏதாவது இருந்தால் நல்லது. கம்பத்தில் அடித்த எண் தகடு படிக்கும் அளவுக்குத் தெரியாது. ஆனால் சாலையில் ஒரு மாட்டு வண்டி வந்தால் அது எந்தப் பக்கமாக வருகிறது என்பது தெரியும். இடப்புறம் போக வேண்டியது வலப்புறம் போனால் ஓர் ஐயம் எழும்.

மேட்டூரில் வளர்ந்தவன் எழுதியது:

மாட்டு வண்டி இடப்புறம்தான் போகும் என்று நம்புகிறவர் எங்கள் ஊர்ச் சாலையைப் பார்த்ததில்லை. அந்தத் தடயம் வேண்டாம்.

பாலமலை மேற்கே, சீதாமலை கிழக்கே என்பது சரி. பாலமலையே உயரமானது என்பதும் சரி. மூழ்கிய பகுதியைப் பற்றி ஒரு திருத்தம் வேண்டும் என்று நினைக்கிறேன். நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் கிறித்தவக் கோயில் கோபுரமும் வெளியே தெரிவதை நாங்கள் போய்ப் பார்ப்போம். அங்கே ஊர்கள் இருந்தன, சாலைகளும் இருந்தன. மூழ்கப்போகும் நிலத்தில் யாரும் ஓரக்கல் பதிக்க மாட்டார்கள் என்ற சர்வேயரின் வாதம் புதிய குடியிருப்புக்குப் பொருந்தும். அணை வேலை தொடங்குவதற்கு முன்பே இருந்த சாலைக்கு அது பொருந்தாது. கடையில்லாத, ஒரே அளவுக் கல் பதித்த, விளக்குக் கம்பம் நட்ட சாலை என்ற மூன்றும் சேர்ந்தால்தான் வாதம் வலுப்பெறும், மூன்றையும் அவர் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

மற்றொன்று, அவர் மேட்டூருக்கு நேரில் போய்ச் சரிபார்ப்பதாக எழுதிவிடாதீர்கள். சாலைமேல் சாலை போட்டுப் பழைய ஓரக்கற்கள் பல இடங்களில் புதைந்துவிட்டன. கம்பங்கள் எல்லாம் சிமெண்ட் ஆகிவிட்டன. மலை ஒன்றுதான் பழையபடி இருக்கிறது.

தியோடலைட் எழுதியது:

மலை ஒன்றே போதும். அதைத்தான் ஆசிரியர் குறைவாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

மலையின் உருவம் பொருந்தியது என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இரண்டு மலைகள் ஏறத்தாழ ஒரே மாதிரித் தெரியும் இடங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சேலத்தைச் சுற்றி நின்றால் நகரமலை, கஞ்சமலை, ஜருகுமலை, சேர்வராயன் என்று திசைக்கொன்று. உருவம் ஊரைத் தேர்ந்தெடுக்க உதவும், நின்ற இடத்தைச் சொல்லாது. நின்ற இடத்தைச் சொல்வது முன்சரிவும் பின்முகடும் ஒன்றையொன்று வெட்டும் இடம். 2 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளைச் சரிவும் அதற்குப் பின்னால் 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு முகடும் இருப்பதாக வையுங்கள். காமிராவைப் பக்கவாட்டில் பத்து மீட்டர் நகர்த்தினால், 165 மில்லிமீட்டர் வில்லையில் சரிவு முகட்டின் மேல் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நகரும். உருப்பெருக்கியில் அது தெரியும். சாலைச் சரிவோ தொடுவானப் பிழையோ இதைக் கெடுக்காது. நிலவரைபடத்தில் அந்த இரண்டு இடங்களையும் இணைத்து நீட்டினால் ஒரு கோடு கிடைக்கும்; காமிரா அந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறது. மற்ற மலையில் இன்னொரு வெட்டுமுனை கிடைத்தால் இரண்டாவது கோடு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் அந்த மனிதருக்கு இருபது மீட்டர் முன்னால் காமிரா.

இதிலும் எல்லை உண்டு. 1:50,000 அளவு நிலவரைபடத்தில் அரை மில்லிமீட்டர்ப் பென்சில் கோடு நிலத்தில் 25 மீட்டர். அட்டை தருகிற நுட்பத்தை வரைபடம் தாங்காது. ஆகவே அவர் "இந்தத் தெருவில்" என்று சொல்லலாம், "இந்தக் கம்பத்தடியில்" என்று சொல்லக் கூடாது.

இதில் உங்கள் கதைக்கு வேறொரு பயனும் இருக்கிறது. பக்கம் மாறிய படத்தில் வெட்டுமுனைகளும் பக்கம் மாறியே இருக்கும். மாறாத படமாக வைத்து, தெற்கே பார்க்கும் ஓர் இடத்தை நீர்த்தேக்கத்துக்குள் தேடினால் இரண்டு கோடுகளும் பொருத்தமான இடத்தில் சந்திக்கவே மாட்டா. வடக்கேயிருந்து பார்க்கும்போது தெரிவது மலையின் மறுபக்கம். அதன் கிளைச் சரிவுகளே வேறு. சட்டைப்பை இல்லாமலேயே பக்கம் மாறியதை அவர் நிறுவிவிடலாம்.

தஞ்சை மேலவீதி எழுதியது:

மலையில்லாத ஊரில் வளர்ந்த சர்வேயர் மலையை எப்படிப் படித்தார் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். நம் பக்கத்தில் அளவை செய்தவர்களுக்குக் கோபுரங்களே மலை. 1808இல் லாம்டன் முக்கோண அளவைக்காகப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றியபோது கயிறு அறுந்து, கருவி கோபுரத்தில் மோதிச் சேதமானதை அந்தத் துறையில் இருந்தவர்கள் அறிவார்கள். இரண்டு கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கோட்டைப் பிடித்து வயலில் நிற்கத் தெரிந்தவருக்கு, இரண்டு முகடுகளைப் பிடிப்பது புதிதன்று. கதையில் ஒரு வாக்கியம் இதற்குக் கிடைத்தால் போதும்.

குடமுருட்டிக் கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஓட்டு வீடுகளின் இறவாரத்தைச் சேர்க்கிறேன். பக்கம் மாறியதை அவர் முதலில் வெட்டுமுனையில் கண்டு, பிறகுதான் அலமாரிக் கண்ணாடிக்குப் போவார். சட்டைப்பை அங்கே டீச்சர் கண்ணில் படட்டும், சர்வேயர் அதை ஏற்கவும் வேண்டாம் மறுக்கவும் வேண்டாம். மகள் பார்ப்பதும் அளவர் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வாசகி அம்மா கேட்டது: ஆம், சர்வேயருக்குத் தெரியும். அதைச் சொல்லவைக்க நான் விரும்பவில்லை.

ஆண்டைக் கதையில் சொல்ல மாட்டேன். 1937 பற்றிய வழக்கு இங்கேயே தீரவில்லை, ஒரு சர்வேயர் தலையில் அதை ஏன் கட்ட வேண்டும்?

ஒளிப்படப் பெட்டி எழுதியது:

திருத்தும்போது இதையும் பாருங்கள். வெள்ளி அச்சு மங்கினால் படம் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும். மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்குவதால், நீலக் கண்ணாடித் தாள் வழியாகப் பார்த்தால் மங்கிய பகுதி கூடுதல் கருமையுடன் எழும்பும். பழைய அட்டைகளைப் படியெடுக்கும்போது நீல வடிப்பானைப் போடுவது இதற்காகத்தான். கணினி இல்லாத காலத்துச் சர்வேயருக்கு மிட்டாய் சுற்றிய நீலத் தாள் கிடைக்காமலா போகும்? முகட்டுக் கோட்டை அவர் அப்படித்தான் பிடித்திருக்க வேண்டும். தாளே முழுவதும் மஞ்சளாகியிருந்தால் மட்டும் இது அவ்வளவாக உதவாது.

கம்பியாள் எழுதியது:

அந்த நீலத் தாளை வைத்துக் கம்பத்தின் தலையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பீங்கான் எத்தனை என்று தெரிந்தால் இழையை நான் மீண்டும் திறக்கிறேன்.